பாட்டில் பாலா, டப்பா பவுடரா?

செஞ்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். குழந்தைக்கு நான்கு மாதம். தாய்ப்பால் போதவில்லை என்று டாக்டரம்மா பார்த்துச் சொன்ன பிறகு, டப்பா பாலும் சேர்த்துக் கொடுக்கிறார். அமெரிக்காவிலிருந்து வந்த நாத்தனார், கலக்கவே தேவையில்லாத குழந்தைப்பால் பாட்டில்கள் கொஞ்சம் கொண்டு வந்து கொடுத்தாராம். "அண்ணி, அங்கே எல்லாரும் இதைத்தான் கொடுக்கறாங்க" என்று ஒரு சிபாரிசு வேறு. மாமியாரோ, "பால்தானே, காய்ச்சித் தண்ணி கலந்து கொடு" என்கிறாராம். எது நல்லது, எது கட்டுப்படியாகும், திறந்ததை எத்தனை நாள் வைக்கலாம் என்று கேட்கிறார்.

முதலில் மாமியாருக்குப் பதில் சொல்லி விடுகிறேன். அந்தப் பாட்டிலில் இருப்பது பசும்பால் போல அல்ல. தண்ணீர் உட்பட எல்லாம் அளவாகச் சேர்த்து, கிருமி நீக்கி அடைத்தது. குலுக்கித் திறந்து அப்படியே கொடுக்க வேண்டியதுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்த்தாலும் குழந்தைக்குச் சத்து குறையும். தண்ணீர் அதிகமாகப் போனால் உடம்பில் உப்புச் சத்து இறங்கி வலிப்பு வரைக்கும் போகும். காய்ச்சவும் வேண்டாம். ஆனால் வெளிநாட்டில் தண்ணீர் சேர்த்துக் கொடுக்கிற கெட்டிப் பாலும் இதே மாதிரி பாட்டிலில் விற்கிறது. ஆகவே லேபிளை யாராவது படித்துச் சொல்லாமல் திறக்காதீர்கள்.

பவுடர் விஷயம் வேறு. டப்பா எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பவுடர் கிருமி நீக்கியது அல்ல. அபூர்வமாக, ஆனால் பச்சைக் குழந்தைக்கு மிகக் கடுமையாக நோய் கொடுக்கும் குரோனோபாக்டர் என்ற கிருமி அதில் இருந்து விடலாம். 2022 பிப்ரவரியில், அப்படித் தொற்றுப் புகார்கள் வந்ததும், அமெரிக்காவில் ஆபட் நிறுவனம் ஒரு தொழிற்சாலையில் செய்த பவுடர்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. திரவப் பால் அந்தப் பட்டியலில் இல்லை. குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கும், இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கும், கிடைத்தால் திரவப் பால் மேல் என்று சொல்வது இதனால்தான்.

நமக்குக் கடையில் கிடைப்பது பவுடர்தானே, என்ன செய்ய? வெந்நீரின் சூடுதான் வழி. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னபடி, தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தளதளவென்று கொதிக்க வைத்து இறக்கி, அரை மணிக்கு மேல் ஆற விடாமல் அளந்து பாட்டிலில் ஊற்றுங்கள். அதன் பிறகு பவுடர். டப்பாவோடு வந்த கரண்டியில் எடுத்து, சுத்தமான கத்தியால் மேலே வழித்து விடுங்கள். கலந்ததும் பாட்டிலைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். சில டப்பாக்களில் வெதுவெதுப்பான நீர் போதும் என்று போட்டிருக்கும். அந்தச் சூட்டில் கிருமி சாகாது.

இனி காசுக் கணக்கு. பவுடரைவிடத் திரவம் விலை அதிகம், அது எங்கும் அப்படித்தான். ஆனால் லேபிளில் உள்ள விலை மட்டும் விலை அல்ல. திறந்த பிறகு எத்தனை நாள் தாங்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஐந்து கிலோ எடையுள்ள குழந்தை முழுக்கப் புட்டிப்பாலே குடித்தால், நாளுக்கு 750 மில்லி ஆகும். 30 மில்லிக்கு ஒரு கரண்டி என்றால் 25 கரண்டி. கரண்டிக்குச் சுமார் நாலரை கிராம் வைத்தால், 400 கிராம் டப்பா மூன்றரை நாளில் காலி. டப்பா 450 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் மாதம் 3,800 ரூபாய்க்கு மேல். ஆனால் துளியும் வீணாகாது.

நம் சகோதரி அப்படிக் கொடுப்பதில்லை. ராத்திரி ஒரு வேளை, 60 மில்லிதான். அதற்கு இரண்டு கரண்டி, ஒன்பது கிராம். திறந்த டப்பாவை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், சில டப்பாக்களில் அதைவிடக் குறைவாகவே போட்டிருக்கும். முப்பது நாளில் 270 கிராம் செலவாகும், மீதி 130 கிராமை மனசு வராவிட்டாலும் கொட்டத்தான் வேண்டும்.

அவருக்கு வந்த பெரிய பாட்டில் 946 மில்லி. திறந்த உடனே ஃபிரிஜ்ஜில் வைத்தால், பொதுவாக 48 மணி நேரம். (லேபிள் 24 என்றால் 24 தான்.) ராத்திரி 60 மில்லி வீதம் இரண்டு நாளில் செலவாவது 120 மில்லி. எண்ணூறு மில்லிக்கு மேல் சாக்கடைக்குப் போகும்! ஆகவே அந்தப் பெரிய பாட்டில்கள் முழுக்கப் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குத்தான் சரி. ஒரு வேளை கொடுப்பவருக்கு, 59 மில்லி அடைத்த குட்டிப் பாட்டில்களே லாபம், விலை கூடுதலாக இருந்தாலும்.

செஞ்சியில் இன்னொரு சங்கடம் உண்டு. சித்திரை வெயிலில் கோட்டைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கின சூட்டை ராத்திரி கக்கும். கரெண்டும் போய் வரும். திறந்த பாட்டிலை ஃபிரிஜ் கதவில் வைக்காமல், உள்ளே பின்பக்கம் ஒதுக்கி வையுங்கள். திறந்த தேதியையும் மணியையும் மேலே எழுதி ஒட்டுங்கள். கரெண்ட் நெடுநேரம் போய், தொட்டால் பாட்டில் ஜில்லென்று இல்லாவிட்டால், மணிக்கணக்கு முடியாவிட்டாலும் கொட்டி விடுங்கள். கெட்ட பால் திரிந்து காட்டும், நாறும் என்று காத்திருக்காதீர்கள். பார்க்க நன்றாக இருக்கும்போதே கிருமி பெருகியிருக்கும். ஃபிரிஜ் இல்லாத வீட்டில் பெரிய பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

பவுடர் டப்பா ஃபிரிஜ்ஜுக்குப் போகக் கூடாது. ஈரம் இறங்கிக் கட்டி தட்டும். அடுப்பு மேடையும் வேண்டாம். உலர்ந்த, சூடு படாத அலமாரியில், மூடியை இறுக்கி, கரண்டியைக் காய வைத்துப் போடுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடவே கூடாது.

எந்தப் பாலானாலும், கலந்தோ திறந்தோ வெளியே வைத்தால் இரண்டு மணி நேரம்தான். பவுடர் கலந்த பால் ஃபிரிஜ்ஜில் ஒரு நாள் நிற்கும். குழந்தை வாய் வைத்து விட்டதென்றால் ஒரு மணிக்குள் முடிக்க வேண்டும். எச்சில் பட்ட மீதியை ஃபிரிஜ்ஜில் வைத்து மறுபடி கொடுப்பதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கிற தப்பு.

வெளியூர்ப் பயணத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார்; அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறார்களாம். கலந்த பாலை எடுத்துப் போக வேண்டாம். பிளாஸ்க்கில் முதலில் கொஞ்சம் கொதிநீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டி விட்டு, பிறகு கொதிக்கிற நீரை நிரப்பி இறுக மூடுங்கள். சில மணி நேரம் சூடு நிற்கும். வேளைக்கு வேண்டிய பவுடரை உலர்ந்த குட்டி டப்பாக்களில் அளந்து போட்டு, கழுவிக் கொதிக்க வைத்த பாட்டில் இரண்டு எடுத்துக் கொள்ளுங்கள். பசிக்கும் போது கலக்கலாம். ஆற்றுவதற்கு ஒரு பாத்திரமும் குளிர்ந்த நீரும் வேண்டும், அதை மறந்து விட்டுக் குழந்தை அலறும் போது விழிக்க வேண்டியிராது. திரும்பும் போது பிளாஸ்க் நீர் வெதுவெதுப்பாகி விட்டிருந்தால், டீக்கடையில் கொதிக்க வைத்துக் கேளுங்கள்.

நாத்தனார் கொண்டு வந்ததில் குட்டிப் பாட்டில்களும் இருந்தால், அவற்றை அந்த மாதிரி ராத்திரிக்கே வைத்துக் கொள்ளுங்கள். பயணப் பையில் வெயில் படாமல் துணியில் சுற்றி, மூடியின் சீல் உடையவில்லையா, பாட்டில் உப்பியிருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா என்று கிளம்பும் முன்பே பார்த்து விடுங்கள்.