மூன்று பாட்டரிகள்

அன்புள்ள பெற்றோர்களே,

நான் வாலாஜாபாத்தில் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியன். சென்ற வாரம் ஒரு மாணவனின் தகப்பனார் பள்ளிக்கு வந்தார். தறி நெய்கிறவர். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், பையன் மூணு பாட்டரி வேணும்கிறான். கரண்ட் சமாசாரமாச்சே, ஏதாவது ஆயிடாதா?"

நல்ல கேள்வி. உங்களில் பலருக்கும் இதே கவலை இருக்கும். ஆகவே எல்லோருக்குமாகப் பதில் எழுதுகிறேன்.

சுவர்க் கடிகாரத்தில் போடுகிறோமே, அந்த அளவில் மூன்று வகை வேண்டும்: மலிவான சாதாரண பாட்டரி, 'ஆல்கலைன்' என்று எழுதியிருப்பது, சார்ஜ் செய்யக் கூடிய நிக்கல் வகை. இவற்றின் அழுத்தம் 1.2 முதல் 1.6 வோல்ட் வரைதான். தொட்டால் ஷாக் அடிக்காது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. பாட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் பல ஆம்பியர் பாய்ந்து கம்பி கையைச் சுடும். சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் பாட்டரியைப் போட்டாலும் இதேதான் நடக்கும்.

அதனால், பாட்டரிக்கும் கம்பிக்கும் நடுவே 10 ஓம், அரை வாட் மின்தடை ஒன்றை வைக்கிறோம். 1.5 வோல்ட்டை 10 ஆல் வகுத்தால் 0.15 ஆம்பியர், ஏறத்தாழ அவ்வளவுதான் பாயும். மின்தடை வெதுவெதுப்பாக இருந்தால் சரி. பாட்டரியே சுட்டால் இணைப்பு தவறு. உடனே கழற்றிவிட வேண்டும்.

இனி சோதனை. காலை 9 மணிக்கு மூன்றையும் இணைப்பார்கள். அரை மணிக்கொரு முறை மல்டிமீட்டரில் வோல்ட்டைப் பார்த்து நோட்டில் குறிப்பார்கள். 0.9 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் அந்தப் பாட்டரியின் ஆட்டம் முடிந்தது. மாலையில் வீட்டுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் கழற்றிவிடுவோம். ஆளில்லாத இடத்தில் எதுவும் ஓடாது.

சாதாரண பாட்டரி ஐந்து மணி நேரத்திலேயே ஓய்ந்துவிடும். மறு நாள் காலையில் மீட்டரை வைத்தால் 1.3 வோல்ட் காட்டும்! "செத்தது பிழைத்துவிட்டது, சார்!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். உள்ளே முனைகளின் அருகில் தேங்கி நின்ற கழிவுப் பொருள்கள் இரவு ஓய்வில் மெல்லப் பரவி வழிவிடுகின்றன, அவ்வளவுதான். மறுபடி மின்தடையை இணைத்தால் சற்று நேரத்தில் படுத்துவிடும். ஆகவே, பாட்டரியை வேலை வாங்கும்போதுதான் அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது எல்லாம் நல்ல பிள்ளைதான்!

ஆல்கலைன் ஏறத்தாழ பதினெட்டு மணி, அதாவது மூன்று பகல் தாங்கும். நிக்கல் வகையும் ஏறக்குறைய அவ்வளவு தாங்கும். ஆனால் அது 1.2 வோல்ட்டிலேயே சமமாக நின்று, கடைசியில் மளமளவென்று சரியும். அதற்கு மேல் அதைப் பிழிந்தால் கெட்டுவிடும். உடனே கழற்ற வேண்டும். சார்ஜ் செய்வதை நானே பள்ளியில், அதற்கென்றே உள்ள சார்ஜரில் பார்த்துக் கொள்வேன். மற்ற இரண்டையும் ஒரு போதும் சார்ஜ் செய்யக் கூடாது. கசியும், வெடிக்கவும் கூடும்.

அப்படியானால் எது சிறந்தது? சாதாரண பாட்டரி 12 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஐந்து மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 2 ரூபாய் 40 காசு. ஆல்கலைன் 36 ரூபாய் என்றால் பதினெட்டு மணிக்கு, மணி 2 ரூபாய். இந்த வேலைக்கு விலை கூடியதே மலிவு! ஆனால் சுவர்க் கடிகாரம் இழுப்பது துளி மின்சாரம். அங்கே 12 ரூபாய்ப் பாட்டரியே ஒரு வருஷம் ஓடிவிடும். 36 ரூபாய் வீண். வேலையைக் கேட்டுத்தான் பாட்டரி வாங்க வேண்டும். உங்கள் பிள்ளை இதைத்தான் கண்டுபிடிக்கப் போகிறான்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள். செல்போன் பாட்டரியைக் கழற்றிக் கொடுத்தனுப்பாதீர்கள். நசுங்கினாலும் துளைபட்டாலும் தீப்பிடிக்கும். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பொத்தான் பாட்டரி இந்தச் சோதனையில் கிடையாது. வீட்டில் சிறு குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக் குழாய் வெந்து புண்ணாகலாம். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தீர்ந்த பாட்டரியைப் போகி நெருப்பில் போடாதீர்கள். பள்ளிக்கே திருப்பி அனுப்புங்கள்.

தறிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டார். எழுந்தவர், "அப்ப எங்க வீட்டு டார்ச்சுக்கு எதைப் போடறது, சார்?" என்றார்.

"பையனைக் கேளுங்கள், நாலாம் நாள் சொல்வான்" என்றேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் பௌதிக ஆசிரியர்