கோர்வைத் தறியில் இரண்டாம் இருக்கை

செவிலிமேடு உள்ளிட்ட காஞ்சிபுரம் வட்டாரத்தின் கோர்வை நெசவில், அதாவது உடலையும் வேறு நிறக் கரையையும் தனித்தனி ஊடை நூல்களால் நெய்து சந்திப்பில் பின்னிப் பிணைக்கும் முறையில், மூன்று நாடாக்கள் ஓடுவதால், நெசவாளர் அருகே உதவியாளர் ஒருவர் அமர்ந்து ஒரு பக்கக் கரையின் நாடாவைக் கையாள்கிறார். உதவியாளரான இளையவரிடம் ஊடையை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று சொல்ல முற்படும்போதுதான், மூத்தவர் தம் கை எண்ணாமலே செய்துவந்ததைத் தாமே கவனிக்க நேர்கிறது. இழுப்பு மிகுந்தால் கரை சுருங்குவதும், தளர்ந்தால் வெளிச்சத்தில் சந்திப்பில் இடைவெளி தெரிவதும் அவருடைய நெசவுக்கும் சோதனைகளாகின்றன. இளையவர் தறியின் தலைமைக்குப் பழகுவதற்கு இதைவிடக் கடினமான, எனினும் உறுதியான படி ஒன்று உண்டு: மூத்தவர் உதவியாளர் இருக்கைக்கு மாறி, உடல் நெசவை இளையவரிடம் ஒப்படைத்து, பிழை தெரிந்தவுடன் நாடாவைப் பறிக்காமல், இளையவரே அதைக் கண்டறிந்து ஊடையைப் பிரித்துத் திருத்தும்வரை காத்திருப்பது. ஆனால் கூலி சேலைக் கணக்கில் கிடைப்பதால் காத்திருக்கும் நேரத்தின் இழப்பு மூத்தவர் மீதே விழுகிறது; நெய்யக் கொடுப்பவர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் கற்பித்தலுக்குத் தனிக்கூலி வகுப்பதே நியாயம்.