கூச்சமா இருந்தா படம் எதுக்கு?



பங்குனி உத்திர அன்னதானம் முடிஞ்ச ராத்திரி, சமையல் பொறுப்பு எடுத்த நாங்க மூணு பேரும் முகநூல்ல ஒரு பதிவு போட்டோம். சில பேர் பார்த்திருப்பீங்க. அதை எடுத்துட்டு வேற ஒண்ணு எழுதிப் போட்டிருக்கோம். ஏன் எடுத்தோம், எப்படி மாத்தினோம்னு சொல்லிடறோம். இந்த மாதிரிப் பதிவு நாங்க மட்டும் போடறதில்ல.

பழைய பதிவு இதுதான்:

“எங்களுக்கு விளம்பரம் எல்லாம் சுத்தமா பிடிக்காது. ஆனா தலைவர் விடல, மேடைக்குக் கூப்பிட்டு மாலை, பொன்னாடை போட்டுட்டாரு. ரொம்ப கூச்சமா போச்சு! மூணு நாளா சரியான தூக்கம் இல்ல, காலெல்லாம் வீங்கிப் போச்சு. 1,200 பேருக்குச் சமைக்கணும்னா எங்களைத்தான் கூப்பிடுறாங்க, வேற ஆளே கிடைக்காது போல. நாங்க என்ன செஞ்சோம்? எல்லாம் அவன் செயல்.”

கூடவே பொன்னாடையோட நாங்க நிக்கிற படம் நாலு.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் சமையல்கட்டுல ஒரு அக்கா சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. “ஏம்பா, கூச்சமா இருந்தா படம் எதுக்குப்பா போட்டீங்க?” எங்களால பதில் சொல்ல முடியல. முதல் நாள் ராத்திரி 40 கிலோ வெங்காயத்தை உரிச்சு நறுக்கினது அந்த அக்காவும் இன்னும் ஏழு பேரும்தான். பதிவுல அவங்க ஒருத்தர்கூட இல்ல. அடுத்த உபயத்துக்கு அந்த எட்டுப் பேர்ல ரெண்டு பேர் வரல. யாரும் காரணம் சொல்லல. எங்களுக்குத் தெரியும்.

மூணு பேரும் உட்கார்ந்து பதிவை வரிவரியா படிச்சோம். விளம்பரம் பிடிக்காதுன்னு எழுதினது பொன்னாடையைச் சொல்றதுக்கு. கால் வீங்கினதை எழுதினது எவ்வளவு உழைச்சோம்னு காட்டுறதுக்கு. வேற ஆள் கிடைக்காதுன்னு புலம்பினது எங்களை விட்டா யாரும் இல்லன்னு சொல்றதுக்கு. ஒவ்வொரு வரியிலும் வெளியே ஒரு பணிவு, இல்ல ஒரு புலம்பல். உள்ளே ஒரு பெருமை.

படிக்கிறவங்களுக்கு இதுதான் எரிச்சல். “பொன்னாடை கிடைச்சது, சந்தோஷம்”னு நேரா சொன்னா அவங்களும் வாழ்த்திட்டுப் போவாங்க. சுத்தி வளைச்சுச் சொன்னா, முதல்ல “ஐயோ பாவம்”னு ஆறுதல் சொல்லணும், அப்புறம் “நீங்க தகுதியானவங்கதான்”னு பாராட்டவும் செய்யணும். ரெண்டு வேலை. அதோட, தங்களை ஏமாத்தப் பார்க்கிறாங்கன்னு ஒரு நினைப்பும் வந்துடும். 2018-ல அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பத்தி ஓர் ஆய்வே வெளியிட்டிருக்காங்க. நேரடியா பெருமை பேசறவரைக்கூட மக்கள் ஓரளவு ஏத்துக்கிறாங்க. புலம்பல்லயோ பணிவுலயோ சுத்திப் பேசறவரைத்தான் இன்னும் குறைவா பிடிக்குதுன்னு அதுல இருக்கு. காரணம், அது உண்மையா தெரியல என்பதுதான்.

எங்களை ரொம்ப உறுத்தினது கடைசி வரி. “எல்லாம் அவன் செயல்”னு நாங்க மனசாரத்தான் சொல்றோம். ஆனா அந்த இடத்துல அது நன்றி இல்ல, மூடி. நாலு படமும் எங்க படம், சொன்னது எல்லாம் எங்க கதை, கடைசியில சாமி பேரைச் சொல்லி மூடிட்டோம். “அனைவருக்கும் நன்றி”ன்னு பொதுவா போடறதும் அப்படித்தான். எல்லாருக்கும்னு சொன்னா யாருக்கும் போய்ச் சேராது.

சரி, எப்படி மாத்துறது? நாங்க மூணு பேரும் ஒரே பேக்டரியில சூப்பர்வைசர். ஷிஃப்ட் மாறும்போது லாக் புக்ல எழுதிக் கொடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். எவ்வளவு ஓடுச்சு, யார் என்ன செஞ்சாங்க, எங்க தப்பாச்சு, அடுத்த ஷிஃப்ட் என்ன பார்க்கணும். அதுல “எனக்குத் தகுதி இல்ல”ன்னு யாரும் எழுதறதில்ல. பதிவையும் அதே நாலு கேள்வியை வெச்சு எழுதிப் பார்த்தோம். இப்ப போட்டிருக்கிறது இது:

“பங்குனி உத்திரத்துல ஏறக்குறைய 1,200 பேர் சாப்பிட்டாங்க. சமையல் பொறுப்பு எங்களுக்குக் கிடைச்சது, நிர்வாகம் பொன்னாடையும் போட்டாங்க. ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. முதல் நாள் ராத்திரி 8 மணியிலிருந்து 1 மணி வரைக்கும் எட்டுப் பேர் வெங்காயம் உரிச்சுக் கொடுத்தாங்க. அது இல்லன்னா காலையில அடுப்பே பத்த வெச்சிருக்க முடியாது. ஓர் ஐயா காலை 4 மணிக்கு லாரியில தண்ணி டிரம் கொண்டுவந்து இறக்கினாரு. ஒரு தப்பும் நடந்துச்சு. போன வருஷக் கணக்கை வெச்சு 110 கிலோ அரிசிதான் போட்டோம். 1.40-க்கு சோறு தீர்ந்து, 60 பேர் அரை மணி நேரம் காத்திருந்தாங்க. மன்னிக்கணும். அடுத்த முறை 10 கிலோ மூட்டை ரெண்டு கூடுதலா வெச்சிருப்போம். அடுத்த உபயத்துக்குக் காய் நறுக்க ஆள் தேவை. கத்தி, பலகை இங்கேயே இருக்கு.”

அந்த ஒன்பது பேர்கிட்டயும் கேட்டுக்கிட்டு அவங்க பேரையும் சேர்த்தோம். வெங்காயக் குவியலைச் சுத்தி உட்கார்ந்திருக்கிற படம் ஒண்ணு மட்டும் போட்டோம். அதுல நாங்க இல்ல.

கவனிச்சீங்களா, பொன்னாடையை நாங்க மறைக்கல. அதை மறைச்சிருந்தா அதுவும் ஒரு நடிப்புத்தான். ஒரே வரியில சொல்லிட்டு, “சந்தோஷம்”னும் சொல்லிட்டு, அடுத்த வேலைக்குப் போயிட்டோம்.

தப்பை எழுதறதுலயும் ஒரு வழுக்கல் இருக்கு. முதல்ல நாங்க எழுதினது, “யாரையும் பசியோட அனுப்ப மனசு வராம நிறைய பரிமாறிட்டோம், அதான் சோறு தீர்ந்துடுச்சு.” பாருங்க, தப்பைச் சொல்ற மாதிரி மறுபடியும் நல்ல பேர் வாங்கப் பார்க்குது. உண்மை என்னன்னா, கணக்கு தப்பு. ஒரு தப்பை எழுதும்போது நமக்குக் கொஞ்சமாவது வலிக்கணும். வலிக்கலன்னா அது தப்பு இல்ல, இன்னொரு பொன்னாடை.

இது கோயில் வேலைக்கு மட்டும் இல்ல. எஸ்.பி.எம். முடிவு வந்த அன்னைக்குப் பார்த்திருப்பீங்க. “கோயிலே கதின்னு இருந்துட்டோம், பிள்ளை படிப்பைப் பார்க்கவே நேரமில்ல, எப்படித்தான் 9 ஏ வாங்கினாளோ!” அதை இப்படிப் போடலாமே: “மகளுக்கு 9 ஏ. எங்களுக்குப் பெருமையா இருக்கு. கணக்குல தடுமாறினப்ப அவ டீச்சர் ஸ்கூல் முடிஞ்சும் உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க. அவங்களுக்கு நன்றி.” இதைப் படிச்சு யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. உண்மையிலேயே களைப்பா இருந்தா, அதைப் பதிவுல கலக்காம கூட்டாளிகிட்ட சொல்லிடுங்க. “கால் வலிக்குதுப்பா”ன்னு தனியா சொன்னா ஒருத்தர் தைலமாவது கொண்டுவந்து கொடுப்பாரு.

புதுப் பதிவுக்குப் பழையதைவிட லைக் குறைவுதான். வராம இருந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் போன வாரம் வந்தாங்க. ஒண்ணும் பேசல, கத்தியை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தாங்க. இன்னொருத்தர் இன்னும் வரல. அது பதிவு போட்டுத் தீர்க்கிற விஷயம் இல்ல. இந்த ஞாயித்துக்கிழமை மூணு பேரும் அவங்க வீட்டுக்குப் போறோம்.