எழுபது வயதில் கூடும் பென்ஷன் யாருக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வுபெற்ற சேர்மாரும் டீச்சர்மாரும், அவர்களின் பிள்ளைகளும் பொறுமையாக வாசித்துப் பாருங்கள்.

எங்கட வாப்பா 2009இல் ஓய்வுபெற்ற ஆசிரியர். கொப்பியில் கணக்கு எழுதும் பழக்கம் அவருக்கு எப்போதும் உண்டு. போன வருடம் அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் அந்தக் கொப்பிகளை நான் எடுத்துப் பார்த்தேன். முதல் மூன்று வருடக் கொப்பிகள் நிரம்பி வழிகின்றன. ஹஜ் பயணம், தாத்தாவின் வீட்டுக்கு மேல்தட்டு, கல்யாண வீடுகளுக்குக் கொடுத்தது, கொழும்புக்குப் போய்வந்தது, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல். அறுபத்தெட்டு வயதுக்குப் பிறகு பக்கங்கள் மெலிந்துகொண்டே போகின்றன. பெருநாளைக்கு ஒரு சாரன், ஒரு சேட். மோட்டார் சைக்கிளை விற்றாயிற்று. தூரப் பயணமே இல்லை. கடைசிக் கொப்பியில் திரும்பவும் நிரம்பி வழிகிறது. ஆனால் அது உம்மாவின் கையெழுத்து: மருந்து, ஸ்கேன், வேன் கூலி, பெம்பர்ஸ்.

2014இல் டேவிட் பிளான்செட் என்ற ஆய்வாளர் அமெரிக்கக் குடும்பங்களின் செலவுத் தரவுகளை ஆராய்ந்து இதே வடிவத்தைக் காட்டினார். விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், ஓய்வுபெற்றவர்களின் செலவு தொடக்கத்தில் அதிகமாக இருக்கிறது, நடுவில் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, கடைசியில் மருத்துவச் செலவால் திரும்ப ஏறுகிறது. கோடாக வரைந்தால் சிரிக்கும் வாய் போல வளையும் என்பதால் அதற்குப் புன்னகை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பருவத்தில் இருக்கிறவருக்கு அது புன்னகையாகத் தெரியாது என்பது வேறு கதை.

இங்கே ஆஸ்பத்திரி இலவசம்தானே, அமெரிக்கக் கணக்கு எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கட்டிலுக்கும் டொக்டருக்கும் ஒப்பரேஷனுக்கும் காசு இல்லை என்பது உண்மை, அல்ஹம்துலில்லாஹ். எங்களுடைய செலவு ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே நிற்கிறது. கிளினிக்கில் இல்லாத மருந்தை வெளியே எழுதித் தருவார்கள். ஸ்கேனுக்கான தேதி தூரத்தில் கிடைத்தால் தனியாரிடம் எடுப்போம். நிற்க முடியாதவரை பஸ்ஸில் கூட்டிப் போக முடியாது, ஒவ்வொரு கிளினிக்குக்கும் வேன். வீடு வந்த பிறகு காற்று மெத்தை, பிசியோதெரபி செய்ய வருகிறவர், ஒரு நாளைக்கு மூன்று என்றால் மாதம் தொண்ணூறு பெம்பர்ஸ். இதில் எதற்கும் ஆஸ்பத்திரியில் பில் வராது. அதனால்தான் யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடுவதில்லை.

இவை எல்லாவற்றையும் விடப் பெரியது ஆள் செலவு. வாப்பாமாரை உம்மாமார் பார்க்கிறார்கள், அதற்குச் சம்பளம் இல்லை. பெண்கள் பொதுவாக ஆண்களை விட அதிக வயது வரை இருப்பவர்கள். உம்மாவின் முறை வரும்போது பக்கத்தில் யார்? மகள்மார் எங்களைப் போல் வேலைக்குப் போகிறவர்கள். இரவும் பகலும் ஒரு ஆள் வைத்தால், எங்கள் பகுதியில் அவருடைய சம்பளம் மட்டுமே ஒரு பென்ஷனில் முக்கால்வாசியைச் சாப்பிட்டுவிடும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அரச ஊழியர் ஓய்வுபெறும்போது, நாங்கள் கொமியூட்டட் என்று சொல்லும் பணிக்கொடை கிடைக்கிறது. அது 24 மாதப் பென்ஷனுக்குச் சமம். அதற்குப் பதிலாக முதல் பத்து வருடங்களுக்குக் குறைத்த பென்ஷன்தான் தருவார்கள். பத்து வருடம் முடிந்ததும் குறைக்காத பென்ஷன் தொடங்கும். இப்போது கட்டாய ஓய்வு வயது 60 என்பதால், எழுபது வயதில் மாதப் பணம் கூடும். வளைவை நினைத்துப் பாருங்கள். செலவு இறங்கிக்கொண்டிருக்கிற அதே நேரத்தில் வரவு ஏறுகிறது. வேறு சேமிப்பு இல்லாத ஒரு ஆசிரியருக்கு, கடைசிக் காலத்துக்குச் சேர்க்கக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு அந்த வருடங்கள்தான்.

எங்கட வீட்டில் அந்தக் கூடுதல் பணம் 2019இல் வந்தது. வந்ததே யாருக்கும் தெரியாது. "வாப்பாவுக்கு இப்ப என்ன செலவு?" என்று சொல்லிச் சொல்லி அது ஒரு பேரப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் லீசிங்குக்குப் போனது. வாப்பா சந்தோஷமாகத்தான் கொடுத்தார். பிழை எங்களுடையது.

இன்றைய விலையில் ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். இலக்கங்கள் நான் வைத்தவை, உங்களுடையதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சேர் 60 வயதில் 62,000 ரூபா குறைத்த பென்ஷனோடு போகிறார். பணிக்கொடை 14 இலட்சத்து 88 ஆயிரம். நடமாட்டம் உள்ள முதல் பத்து வருடங்களில் மாதச் செலவு 70,000 என்றால், மாதம் 8,000 குறைகிறது. பத்து வருடத்தில் 9 இலட்சத்து 60 ஆயிரம். அதைப் பணிக்கொடையிலிருந்து எடுத்தால் 5 இலட்சத்து 28 ஆயிரம் மிஞ்சும். ஹஜ்ஜுக்கோ மகளின் வீட்டுக்கோ முதல் வருடமே பெரிய தொகையை எடுத்தவருக்கு இது மிஞ்சாது. அவர் மாதச் செலவை முதல் நாளிலிருந்தே 62,000க்குள் கொண்டுவந்தாக வேண்டும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வது குற்றமில்லை. இரண்டையும் செய்கிறபோதுதான் கடன் வருகிறது.

எழுபதில் பென்ஷன் 68,000 ஆகிறது என்று வைப்போம். செலவு 52,000க்கு இறங்கியிருக்கும். மீதி 16,000. அதில் 4,000ஐப் பேரப்பிள்ளைகளுக்கும் ஸதகாவுக்கும் விட்டுவிட்டு 12,000ஐ ஒதுக்கினால், 78 வயதில் 11 இலட்சத்து 52 ஆயிரம். பணிக்கொடையில் மிஞ்சியதோடு 16 இலட்சத்து 80 ஆயிரம்.

78இல் உடம்பு விழுகிறது. வீட்டுச் செலவு 42,000, மருந்து, பரிசோதனை, வேன் 25,000. இதுவரைக்கும் 67,000, பென்ஷனே தாங்கும். ஆளுக்கு 45,000 சேரும்போது 112,000 ஆகிறது. மாதம் 44,000 குறைகிறது. ஒதுக்கிய பணம் அதை 38 மாதங்களுக்குத் தாங்கும், மூன்று வருடத்துக்கும் கொஞ்சம் கூட. ஒதுக்காதவரின் பிள்ளைகள் மூன்று பேர் என்றால், ஆளுக்கு ஏறத்தாழ 15,000 முதல் மாதத்திலிருந்தே போட வேண்டும். யார் எவ்வளவு என்ற பேச்சு வாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நடக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கில் பலவீனம் ஒன்று உண்டு. பென்ஷனும் சேமிப்பும் விலையோடு சேர்ந்து ஏறும் என்று வைத்துத்தான் போட்டேன். 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம் போனது. மருந்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவதால், டொலர் ஏறும்போது கடைசிக் காலச் செலவுதான் முதலில் ஏறும். அதனால் ஒதுக்குவதை முழுதும் ரூபாவாக ஒரே கணக்கில் வைக்காமல், ஒரு பகுதியைத் தங்கமாக வைப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். காப்பாக, மாலையாக வாங்கினால் செய்கூலி போய்விடும், பவுண் காசாக இருக்கட்டும். மீதியை முழாரபா கணக்கில் போடுகிறவர்கள், இலாப வீதம் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். 2023 தொடக்கத்தில் வங்கிகள் தந்த வீதத்தை நம்பித் திட்டம் போட்டவர்கள் அடுத்த வருடமே திண்டாடினார்கள். இந்தப் பணம் நிஸாபைத் தாண்டினால் வருடம் இரண்டரை சதவீதம் ஸகாத் போகும், அதையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்று. நடுவில் செலவு குறைவது எப்போதும் மனம் நிறைந்து குறைவதல்ல. காசு இல்லாததால் பல் கட்டாமல், கண்ணில் பூ விழுந்தும் ஒப்பரேஷன் செய்யாமல், கிளினிக் போகாமல் இருப்பவர்களின் செலவும் கொப்பியில் குறைவாகத்தான் தெரியும். பெற்றோரின் செலவு இறங்கினால் எது இறங்கியது என்று பாருங்கள். பயணமும் உடுப்பும் என்றால் பரவாயில்லை. பிரஷர் மாத்திரையும் கண் பரிசோதனையும் என்றால், அந்த மிச்சம் பத்து மடங்காகத் திரும்பி வரும்.

கடை வைத்திருப்பவர்களுக்கும் தனியார் துறையினருக்கும் எழுபதில் எதுவும் கூடாது. EPF பணம் ஆண்களுக்கு 55இல், பெண்களுக்கு 50இல் ஒரே தடவையில் வந்துவிடும். அவர்களில் பலருக்குக் கடைசிக் காப்பு வீடுதான். அதை மகளுக்கு எழுதும்போது பெற்றோர் இருவரின் பெயரிலும் சீவிய உரித்து வைத்து எழுதும்படி நொத்தாரிசிடம் கேளுங்கள். மகள் மீது நம்பிக்கையில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. மருமகனின் வியாபாரம் படுத்தால், வீட்டோடு உம்மாவும் வெளியே வராமல் இருக்கத்தான்.

அக்ரஹார காப்புறுதி ஓய்வூதியர்களுக்கும் உண்டு, ஆனால் அதற்கு எல்லை இருக்கிறது. உங்கள் திகதிக்குப் பொருந்துமா என்று பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கேட்டு எழுதி வையுங்கள். இருதயம், சிறுநீரகம், புற்றுநோய் போன்ற சிகிச்சைகளுக்கு ஜனாதிபதி நிதியத்தின் உதவிக்கும் இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். வீட்டில் ஆள் வைக்கும் செலவை இரண்டும் தராது.

பென்ஷன் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். பத்து வருடம் முடியும் திகதியை அதிலிருந்து கணக்கிடலாம். அந்த மாதத்திலிருந்து, கூடும் தொகை வேறு ஒரு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் நிலையியற் கட்டளை ஒன்று கொடுத்துவிட்டால், யாரும் கேட்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. என் மாமி டீச்சருக்கு அடுத்த ஓகஸ்டில் பத்து வருடம். அந்தப் படிவத்தில் நேற்று அஸருக்குப் பிறகு கையெழுத்து வாங்கிவிட்டேன். கணக்கை அவருடைய பெயரில் மட்டும்தான் திறந்தோம்.