அந்தவன் மாடு பிடிக்கப் போனானா?

போன தை மாதம் கம்பத்தில் நண்பர்கள் சேர்ந்து ஒரு சின்னக் கண்காட்சி வைத்தோம். தேனி மாவட்டத்து நடுகற்களின் புகைப்படங்கள், பெரிது பண்ணி அச்செடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை. மாட்டுப் பொங்கல் நேரம். நந்தகோபாலன் தொழுவுக்கு மாடு கும்பிட வந்த கூட்டத்தில் கொஞ்சம் பேர் எங்கள் பக்கமும் ஒதுங்கினார்கள். பலகைகளை எழுதியது நான். அதில் முக்கியமான பலகை, புலிமான்கோம்பைக் கல்லுக்கானது. அதை அப்படியே தருகிறேன், என் வெட்கத்தோடு சேர்த்து:

"சங்ககால வெட்சித்திணை மரபைப் பறைசாற்றும் தமிழி எழுத்துப் பொறிப்புடைய இந்நடுகல், ஆகோள் பூசலில் வீழ்பட்ட வீரனின் நினைவாக எடுக்கப்பட்டது. எழுத்தமைதி அடிப்படையில் பொ.மு. 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. வட்டெழுத்து நடுகற்களுக்கு முற்பட்ட ஈமச்சின்னப் பண்பாட்டின் எச்சமாகக் கருதத்தக்கது."

எழுதி முடித்தபோது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. நான் பார்த்து வளர்ந்த அருங்காட்சியகப் பலகைகள் எல்லாம் இப்படித்தான் பேசும். அதே குரல் எனக்கும் வந்துவிட்டது.

இரண்டாம் நாள் ஒரு பெரியவர் வந்தார். மலைமாடு வைத்திருப்பவர். வருஷத்தில் பாதி நாள் மலையடிவாரத்தில் மேய்ச்சல், மீதி நாள் வயலில் கிடை போடுவது என்று வாழ்ந்தவர். பலகை முன்னால் நின்று எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை. முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"தம்பி, இது என்னண்டு போட்ருக்கு?"

"மாட்டுச் சண்டையில செத்த ஒருத்தருக்கு வச்ச கல்லுங்கய்யா."

"மாட்டுச் சண்டையா? அத இதுல எங்க போட்ருக்கு?"

ஆகோள் என்ற சொல்லைக் காட்டினேன். ஆ என்றால் மாடு, கோள் என்றால் கொள்வது. அவர் கொஞ்ச நேரம் கல்லையே பார்த்தார். அப்புறம் கேட்டார்: "இவன் மாடு களவாங்கப் போனவனா, மாட்டுக்குக் காவலு நின்னவனா?"

எனக்குத் தெரியவில்லை. அதைவிட மோசமான விஷயம், அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. மூன்று மாதம் அந்தக் கல்லைப் பற்றிப் படித்திருக்கிறேன். 'வெட்சித்திணை மரபு' என்று ஒரு சொல்லைப் போட்டதும் எல்லாம் விளங்கிவிட்டதாக ஒரு நிம்மதி வந்துவிட்டது. வெட்சி என்பது பகைவரின் மாட்டைக் கவர்வது. கவர்ந்த மாட்டை மீட்பது கரந்தை. நான் வெட்சி என்று எழுதியபோதே அவனைக் கவரப் போனவன் ஆக்கிவிட்டேன். கல்லில் அப்படி எதுவும் இல்லை.

கல்லில் இருப்பது இவ்வளவுதான்: "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்." பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கான கல், கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்தவன் என்று ஆய்வாளர்கள் இதை வாசிக்கிறார்கள். 'இறந்தான்' என்ற சொல்கூடக் கல்லில் கிடையாது. நடுகல் வைத்திருப்பதால் இறந்திருக்கிறான் என்று நாம் புரிந்துகொள்கிறோம்.

இப்போது என் பலகையை மறுபடி பாருங்கள். அதில் 'வீரன்' இருக்கிறான். அந்தவன் இல்லை. அவன் பெயர் அழியக்கூடாது என்று யாரோ கல்லைத் தேடி எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக வெட்டி நட்டு வைத்தார்கள். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல் மழையிலும் வெயிலிலும் நின்ற பெயரை என் பலகை மூன்று வாக்கியத்தில் துடைத்துவிட்டது. அந்த இடத்தில் வெட்சித்திணை, எழுத்தமைதி, ஈமச்சின்னப் பண்பாடு என்று என் படிப்பு உட்கார்ந்திருக்கிறது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். திரையில் `NullPointerException` என்று வந்தால் அது யாருக்கான சேதி? நிரலை எழுதியவனுக்கு. பணம் அனுப்ப வந்த ஆளுக்கு அதில் ஒன்றும் இல்லை. அதை அப்படியே வாடிக்கையாளருக்குக் காட்டினால் எங்கள் தொழிலில் திட்டு விழும். கண்காட்சிச் சுவரில் அதையே செய்தால் 'ஆய்வுத்தரம்' என்று பெயர்.

இதைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும். "மக்களை மேலே தூக்கணும், மொழியைக் கீழே இறக்கக்கூடாது. நாலு புதுச்சொல் கத்துக்கிட்டுப் போகட்டுமே." எனக்கும் சொற்கள் மேல் ஆசைதான். ஆனால் பலகை முன்னால் நிற்பவர் காலில் நிற்கிறார், தோளில் பிள்ளை இருக்கிறது, அடுத்த படத்துக்குப் போகிற அவசரம் இருக்கிறது. அவர் ஒரு புதுச்சொல்லைச் சுமப்பார். எட்டுச் சுமக்க மாட்டார். அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பொருளின் மேலேயே இருக்கும் சொல் நிற்கட்டும், அதை விளக்குவோம். பொருளைப் பற்றி நாம் பின்னால் உண்டாக்கிய சொல், தான் ஏன் அங்கே நிற்க வேண்டும் என்று நிரூபிக்க வேண்டும். இந்த விதிப்படி ஆகோள் தங்கியது, ஏனென்றால் அது அந்தவனின் கல்லில் இருக்கிறது. வெட்சி போயிற்று, எழுத்தமைதி போயிற்று, வட்டெழுத்தும் போயிற்று.

அடுத்த பள்ளம் இந்தப் பக்கம். எளிமைப்படுத்துவோம் என்றதும் எங்கள் குழுவில் ஒரு தம்பி ஐந்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தான்: "உலகமே வியக்கும் தொன்மை! 2,400 ஆண்டுகளுக்கு முன்பே நம் தேனி மண்ணில் அனைவருக்கும் எழுத்தறிவு!" இதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. யாருக்கும் புரியும். ஆனால் புரிவது கல் அல்ல.

முதலில் காலம். எழுத்தின் வடிவத்தை வைத்துப் பொ.மு. 4ஆம் நூற்றாண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு முன்னால் போக மாட்டோம் என்பவர்களும் இருக்கிறார்கள். சர்ச்சை முடியாத எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதினால், பார்க்க வருபவர் அந்த எண்ணை மட்டும்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார். அடுத்தது 'அனைவருக்கும்'. ஒரு கல்லில் எழுத்து இருப்பதால் அந்த ஊரில் ஒருவருக்காவது வெட்டத் தெரிந்திருக்கிறது, எழுதி வைப்பது முக்கியம் என்று சிலராவது நினைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் அந்தக் கல் சாட்சி சொல்லாது.

என் முதல் பலகைக்கும் தம்பியின் பலகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. ரெண்டுமே நமக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைப் பார்ப்பவரிடமிருந்து மறைக்கின்றன. ஒன்று கலைச்சொல்லால் மறைக்கிறது, இன்னொன்று ஆச்சரியக்குறியால்.

அப்படியானால் இந்தக் கல்லின் மையமான விஷயம் என்ன? நாங்கள் ரெண்டு ராத்திரி சண்டை போட்டோம். மதுரையைச் சுற்றி இதே பழைய எழுத்தில் கல்வெட்டுகள் நிறைய உண்டு. அவை பெரும்பாலும் குன்றுகளில், சமணத் துறவிகள் தங்கிய குகைகளில் இருப்பவை. யார் படுக்கை வெட்டிக் கொடுத்தார்கள் என்பது போன்ற சேதிகள். இன்னொரு பக்கம், இறந்தவனின் பெயரையும் பெருமையையும் எழுதி நட்ட கற்களைப் பற்றிச் சங்கப் பாட்டுகள் பேசுகின்றன. ஆனால் கையில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்கள் எல்லாம் பல நூற்றாண்டு பிந்தியவை. 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழு ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் மூன்று கற்களைக் கண்டெடுத்தபோதுதான் அந்த இடைவெளி அடைபட்டது. மன்னனும் இல்லை, துறவியும் இல்லை. மாட்டுச் சண்டையில் போன ஒருத்தனின் பெயரை ஓர் ஊர் எழுதி வைத்திருக்கிறது. எங்களுக்கு இதுதான் மையம்.

மையம் கிடைத்தபின் எப்படி எழுதுவது என்பதற்கு, மார்கரெட்டா எகார்வ் என்ற சுவீடன் எழுத்தாளர் 1980களில் ஸ்டாக்ஹோம் அஞ்சல் அருங்காட்சியகத்துக்காகச் செய்த முறையை எடுத்துக்கொண்டோம். வரி சின்னதாக இருக்க வேண்டும், ஒரு வரிக்கு ஒரு எண்ணம், பேசும்போது மூச்சு எங்கே நிற்குமோ அங்கே வரியை முறிக்க வேண்டும், எழுதியதைச் சத்தமாக வாசித்துத் திருத்த வேண்டும். சத்தமாக வாசித்தபோதுதான் 'வீழ்பட்ட', 'கருதத்தக்கது' எல்லாம் வாயில் கல் மாதிரி உருண்டன. நாலாவது முறை எழுதியது இது:

அந்தவன் என்ற ஒருவனுக்காக
நட்டு வைத்த கல் இது.
ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தியது.
கல்லில் இருப்பது இவ்வளவுதான்:
கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்
ஆகோள் என்றால் அடுத்தவர் மாட்டைப்
பிடித்துக்கொண்டு போவது.
அப்படி ஒரு சண்டையில்
அந்தவன் இறந்திருக்க வேண்டும்.
மாட்டைப் பிடிக்கப் போனானா,
காக்க நின்றானா? கல் சொல்லவில்லை.
கூடலூர் நம் கூடலூர்தானா?
அதையும் சொல்லவில்லை.
பெயர் எழுதிய இப்படிப்பட்ட கற்களைப் பற்றிச்
சங்கப் பாட்டுகளில்தான் படித்திருந்தோம்.
அவ்வளவு பழைய கல் முதன்முதலில் கிடைத்தது
2006-ல், புலிமான்கோம்பையில்.

கூடலூர் வரிகளுக்கு ஒரு காரணம் உண்டு. கம்பத்துக்குத் தெற்கே, பள்ளத்தாக்கின் கோடியில் ஒரு கூடலூர் இருக்கிறது. வாசிக்கிற உள்ளூர்க்காரர் மனசு உடனே அங்கே போகும். கூடல் என்ற பெயர் மதுரைக்கும் உண்டு. நாம் பேசாமல் விட்டால் அவர் தானாக முடிவு கட்டிவிடுவார், நாம் முடிவு கட்டினால் அது பொய்யாகலாம். கேள்வியையே எழுதிவிடுவதுதான் நேர்மை.

புதுப் பலகை புரிகிறதா என்று கண்டுபிடிக்க 'நல்லாருக்கா' என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. எல்லாரும் நல்லாருக்கு என்பார்கள். வாசித்தவரைப் பலகைக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லி, "வீட்ல போய் இதைப் பத்தி என்ன சொல்வீங்க?" என்று கேட்டோம். பழைய பலகைக்கு வந்த பதில்: "ஏதோ நாலாம் நூற்றாண்டுக் கல்லு." அந்த நாலாம் நூற்றாண்டு முன்னாலா பின்னாலா என்பதுகூட நிற்கவில்லை. புதுப் பலகைக்கு ஒரு கல்லூரிப் பெண் சொன்னது: "அந்தவன்னு ஒருத்தன். மாட்டுக்காகச் செத்துட்டான். நல்லவனா கெட்டவனான்னு தெரியல." எனக்கு இது போதும். காலம், கண்டெடுத்த ஆண்டு எல்லாம் அவளிடம் தங்கவில்லைதான். அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு பலகை வைத்து, வெட்சி, கரந்தை, கால விவாதம் எல்லாவற்றையும் அங்கே கொடுத்தோம். வேண்டியவர்கள் குனிந்து படித்தார்கள்.

மாட்டுக்காரப் பெரியவரை மறுநாள் கூப்பிட்டு வந்து புதுப் பலகையைக் காட்டினேன். வாசித்தார். "கல்லு சொல்லலையா?" என்றார். "சொல்லலைங்கய்யா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "களவாங்கப் போய்ச் செத்தவனுக்கும் அவன் ஊர்ல கல்லு வப்பாங்கெ தம்பி. அவன் ஊருக்கு அவன் நல்லவந்தான" என்றார்.

வெட்சி மறவருக்கும் கல் நட்டார்கள் என்று நான் நூல்களில் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் அது. இரண்டாம் நாள் என் பலகை முன்னால் எழுத்துக் கூட்டி நின்றபோதும் அது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.