போனைக் கவிழ்த்து வைத்தால் அது ரேடியோ ஆகிவிடாது



"போன்ல கதை போட்டாத்தான் டீச்சர் புள்ள உறங்குது." நேர்சரி வாசலில் இதைச் சொல்லாத உம்மாமார் குறைவு. திரையைக் கவிழ்த்துத்தானே வைக்கிறோம் என்பது அடுத்த நியாயம். கவிழ்த்தாலும் யூடியூப் யூடியூப்தான். கதை நடுவில் விளம்பரம் கத்தும். ஒன்று முடிந்ததும் அடுத்ததை அதுவே போடும். கண் சொக்கிய பிள்ளை, என்ன வருகிறதென்று போனைப் புரட்டிப் பார்க்கும். ஐந்து வயதுக்கு அந்தக் கெட்டித்தனம் போதாதா?

விலை கூடிய கதைப்பெட்டி வாங்கச் சொல்லி நாங்கள் இதை எழுதவில்லை. பல வீடுகளில் அலுமாரி மேல் ஒரு சின்ன ஸ்பீக்கர் தூசி பிடித்துக் கிடக்கிறது. மெமரி சிப் போட இடமிருந்தால் அதுவே போதும். புதிதாக வாங்குவதானால் கடையிலேயே ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். சில ஸ்பீக்கர்கள் ஒவ்வொரு தடவையும் முழுச் சத்தத்தில் "புளூடூத்" என்று அலறித்தான் தொடங்கும், நீல லைட்டும் விடாமல் மின்னும். அது படுக்கையறைக்கு ஆகாது.

கதையை உம்மும்மாவிடம் கேளுங்கள். சுலைமான் நபியும் எறும்பும், யூனுஸ் நபியும் மீனும், கொஞ்சம் நரிக் கதை. அவர் பேசுகிற பேச்சிலேயே, பத்து நிமிடத்துக்குள். போனில் பதிவானது பெரும்பாலும் `m4a` ஆக இருக்கும். மலிவு ஸ்பீக்கர் பலதுக்கு அது விளங்காது. லைட் எரியும், சத்தம் வராது. உடனே ஸ்பீக்கர் பழுது என்று எறிந்துவிட வேண்டாம், `mp3` ஆக மாற்றிப் போடுங்கள். இன்னொன்று, பல ஸ்பீக்கர்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, சிப்பில் எது முதலில் ஏறியதோ அதையே முதலில் பாடும். ஆகவே ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். துள்ளலான கதை முதலில், மெதுவானது கடைசியில்.

நாங்கள் கோபப்படுவது இன்னொரு விடயத்துக்கு. மார்க்கம் படிக்கட்டும் என்று கப்ருடைய வேதனை பயானை இரவில் போட்டுவிடுகிறார்கள். பெரியவர்களுக்குச் சொன்ன பயான் அது. ஐந்து வயதுப் பிள்ளை அதை இருட்டில் தனியாகக் கேட்டுவிட்டு, ஒன்றுக்குப் போகவும் கட்டிலை விட்டு இறங்கப் பயப்படும். ஈமான் இப்படியா வளரும்? கதை தெரியாத பதிவென்றால் கடைசிவரை நீங்கள் முதலில் கேளுங்கள். சிரிப்பும் அதட்டலுமாக வாத்தியம் முழங்கும் பதிவுகளும் அப்படித்தான், பிள்ளையை உறங்க விடாது.

இந்த ஸ்பீக்கர்களுக்குத் தானாக நிற்கத் தெரியாது, கடைசிக் கதை முடிந்ததும் திரும்ப முதலாவதிலிருந்து தொடங்கும். அதனால் சிப்பில் மூன்று கதைக்கு மேல் வேண்டாம். தலையணை அருகில் வைக்காமல் அறையின் மறுபக்கத்தில், சார்ஜரைக் கழற்றிவிட்டு வையுங்கள். மூன்றாவது கதை முடியும்போது உம்மாவோ வாப்பாவோ போய் அணைக்க வேண்டும், அந்த வேலையை எந்தப் பெட்டியும் செய்யாது.