கல்யாணம் எப்போது, கர்ப்பமா என்று கேட்க இவர்கள் யார்?



போர்ட் கிள்ளான் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கிடங்குகளிலும் சரக்கு அனுப்பும் கம்பெனிகளிலும் கணக்கெழுதவும் சாமான் சரிபார்க்கவும் இன்று நம் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் ஏராளமாகப் போகிறார்கள். அவர்களுக்கு வைக்கும் பேட்டியில் கணக்குத் தெரியுமா, கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி இன்னொரு கேள்வி வருகிறது. "கல்யாணம் எப்போது? வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களா? இப்போது முழுகாமல் இருக்கிறாயா?" பக்கத்து நாற்காலியில் அதே வேலைக்கு வந்திருக்கும் வாலிபனிடம் இதை யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியின் வேர் பணத்தில் இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுமுறை 98 நாள். அந்த நாட்களுக்குரிய சம்பளத்தை முதலாளிதான் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும், சொக்சோ கொடுப்பதில்லை. மாதம் 1,700 வெள்ளி வாங்கும் பெண்ணுக்கு அது ஏறத்தாழ 5,500 வெள்ளி ஆகும். இந்தச் செலவை ஒரு பொது நிதி ஏற்றுக்கொண்டால் பாதிக் கேள்விகள் தாமாகவே நின்றுவிடும் என்பது நம் கருத்து. அதுவரை, வேலை தேடும் பெண் தன் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை உள்ளபடி சொல்லிவிடுகிறோம். பொய் நம்பிக்கை ஊட்டுவது சங்கப் பத்திரிகையின் வேலையல்ல. வேலைச் சட்டத்தில் 69எஃப் என்ற பிரிவு 2023-இல் நடப்புக்கு வந்தது. வேலையில் பாரபட்சம் காட்டினார்கள் என்று தொழிலாளி புகார் செய்தால், தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். அந்த உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. நல்ல பிரிவுதான். ஆனால் அது பேசுவது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே எழும் தகராற்றைப் பற்றி. பேட்டி அறையில் உட்கார்ந்திருக்கும் பெண் இன்னும் தொழிலாளி ஆகவில்லையே! கதவுக்கு உள்ளே வந்தவளுக்குக் குடை பிடிக்கும் சட்டம், வாசலில் நனைகிறவளை மறந்துவிட்டது.

அரசாங்க வேலையென்றால் நிலைமை வேறு. நூர்ஃபடில்லா என்ற பெண்ணின் வழக்கை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துகொள்ள வேண்டும். 2009 ஜனவரியில் உலு லங்காட் வட்டாரத்தில் தற்காலிக ஆசிரியை வேலைக்கு அவர் தேர்வாகி, பள்ளிக்குப் போகும் உத்தரவையும் பெற்றார். பிறகுதான் அதிகாரிகள், கர்ப்பமாக இருப்பவர்கள் யார் என்று கேட்டார்கள். அவர் உண்மையைச் சொன்னார், உத்தரவைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த அம்மையார் வழக்குத் தொடுத்தார். 2011 ஜூலையில் ஷா ஆலம் உயர்நீதிமன்ற நீதிபதி சலேஹா யூசோப், கர்ப்பத்தைக் காரணமாக்கி வேலையை மறுத்தது அரசியல் சட்டத்தின் 8(2)-வது பிரிவுக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். பால் வேற்றுமை காட்டக்கூடாது என்ற சொல் அந்தப் பிரிவில் சேர்ந்தது 2001-இல்தான். மலேசியா 1995-இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் பெண்ணுரிமை உடன்படிக்கையையும் நீதிபதி துணைக்கு எடுத்துக்கொண்டார்.

அப்படியானால் தனியார் கம்பெனியையும் இதே வழியில் இழுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முடியாது. மலேசிய விமானக் கம்பெனியில் பணிப்பெண்ணாக இருந்த பியட்ரிஸ் பெர்னாண்டஸ், கர்ப்பமான பின் ராஜினாமா செய்ய மறுத்ததால் நீக்கப்பட்டார். அவர் கூட்டரசு நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். அரசியல் சட்டம் தரும் பாதுகாப்பு அரசாங்கத்தின் செயலுக்கு எதிரானதே, தனியார் ஒப்பந்தத்தின்மேல் அது பாயாது என்று 2005-இல் அங்கே முடிவாயிற்று. இதில் நம்மைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. கர்ப்பமானால் வேலையை விடவேண்டும் என்ற அந்த விதி இருந்தது, ஒரு சங்கம் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தத்தில்தான்!

இனி, பேட்டிக்குப் போகிறவள் என்ன செய்யலாம்? மூன்று மாதக் கர்ப்பிணி ஒருத்தி போவதாக வைத்துக்கொள்வோம். தன் நிலையை அவளே முந்திக்கொண்டு சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. பிரசவத்துக்கு முந்திய 60 நாட்களுக்குள் முதலாளியிடம் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் வேலைச் சட்டத்தின் 40-வது பிரிவு வைத்திருக்கும் காலம். பிரசவச் சம்பளம் கிடைக்கவும் கணக்கு உண்டு. பிரசவத்துக்கு முந்திய 9 மாதத்தில் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். முந்திய 4 மாதத்தில் ஏதாவது ஒரு நாளாவது இருந்திருக்க வேண்டும். உயிரோடிருக்கும் பிள்ளைகள் ஐந்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். இவள் அடுத்த வாரமே வேலையில் சேர்ந்தால் பிரசவத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. ஆகவே சம்பளம் கிடைக்கும். ஏழு மாதத்தில் சேர்பவளுக்கு விடுமுறை உண்டு, சம்பளம் இல்லை. அவளால் முதலாளிக்குப் பிரசவச் செலவே கிடையாது என்பதைக் கேள்வி கேட்கும் பல மானேஜர்கள் அறியவே மாட்டார்கள்.

நேராகக் கேட்டுவிட்டால்? பொய் சொல்ல வேண்டாம். கர்ப்பிணித் தொழிலாளியை அந்தக் காரணத்துக்காக நீக்குவது 41ஏ பிரிவின்படி குற்றம். ஆனால் ஒழுங்கீனத்துக்காக நீக்க அதே பிரிவு இடம் விட்டிருக்கிறது. விண்ணப்பத் தாளில் எழுதிய பொய்யைப் பின்னாளில் ஒழுங்கீனம் என்று எடுத்து நீட்டுவார்கள். ஆகையால், "ஐயா, இரவு வேலை, ஓவர்டைம், பாரம் தூக்குவது, எது இந்த வேலைக்குத் தேவையோ அதைக் கேளுங்கள், பதில் சொல்கிறேன்" என்று மரியாதையாகத் திருப்பிவிடலாம். தாளில் அந்தக் கட்டத்தை வெறுமனே விடலாம். இப்படிச் செய்தால் வேலை கிடைக்காமலும் போகலாம், அதையும் மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று இரவே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: தேதி, மணி, கேட்டவர் யார், கேட்ட சொற்கள் அப்படியே. வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். எல்லாவற்றிலும் முக்கியம், வேலை தருவதாகச் சொன்னால் கடிதமாகக் கேளுங்கள். அதே நாள் எழுத்தில் சம்மதம் தெரிவியுங்கள். சம்மதித்த பின் ஒப்பந்தம் உண்டாகிவிட்டது, அவள் தொழிலாளிதான் என்று வாதிட இடம் கிடைக்கிறது. அதன்பின் கர்ப்பத்தைச் சொல்லி வேலையைப் பறித்தால், அந்தக் கடிதத்தோடு கிள்ளான் தொழிலாளர் இலாகாவுக்குப் போய் 69எஃப் பிரிவின்கீழ் புகார் கொடுக்கலாம். வாய்ச்சொல்லோடு போனால் கதவு திறப்பது கடினம். அரசாங்க வேலையென்றால் வக்கீலைத் தாமதமின்றிப் பாருங்கள். அதிகாரியின் முடிவைச் சீராய்வு செய்யக் கோரும் மனுவுக்குத் தவணை மூன்றே மாதம்.

வேலைக்கு முன்பே பாதுகாப்புத் தருவது சட்டத்தால் ஆகாத காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 5-வது பிரிவைப் புரட்டுங்கள். ஒருவர் சங்க உறுப்பினர் என்பதற்காக அவருக்கு வேலை தர மறுக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. அங்கே வாசலில் நிற்பவரையும் சட்டம் காக்கிறதே! சங்கச் சீட்டு வைத்திருப்பவனுக்குக் கிடைத்தது வயிற்றில் பிள்ளை வைத்திருப்பவளுக்கும் கிடைக்கட்டும். 69எஃப் பிரிவில் தொழிலாளி என்ற சொல்லோடு வேலைக்கு விண்ணப்பிப்பவர் என்பதையும் சேர்க்க வேண்டும். கிளைச் செயலாளர்கள் தங்கள் பகுதிப் பெண்கள் எழுதிவைத்த நோட்டுகளைச் சேகரித்து, அவர்கள் சம்மதத்தோடு, பெயரை மறைத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மனிதவள அமைச்சிடம் போகும்போது கையில் அவை இருக்க வேண்டும்.